காசு கொடுத்தவருக்கா, எழுதியவருக்கா? ஒரு மலை ரயில் கையேட்டை வைத்துப் பதிப்புரிமையைப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

நீலகிரியில் இப்போது ஹோம்ஸ்டே வைத்திருப்பவர், காட்டேஜ் நடத்துபவர், டிராவல்ஸ்காரர் என்று பலரும் விருந்தினருக்காகச் சொந்தமாக ஒரு கையேடு போடுகிறார்கள். அதை இன்னொருவர் எடுத்துத் தன் இணையதளத்தில் போட்டதும் சண்டை தொடங்குகிறது. "என் காசில் போட்ட புத்தகம், என் உரிமை" என்பார் ஒருவர். "ஊட்டி ரயிலைப் பற்றி எழுத யாருக்கும் உரிமை உண்டு" என்பார் மற்றவர். இரண்டுமே பாதி சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் நோட்டீஸ் அனுப்பினால் அனுப்பியவருக்கே வம்பு.

உதாரணத்துக்கு ஒரு கையேட்டை எடுத்துக்கொண்டு அதிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம். குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு பெண்மணி, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரையான மலை ரயில் பயணத்தைப் பற்றி 32 பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு போடுகிறார். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதிக் கொடுக்கிறார். அதற்கு 20,000 ரூபாய். ஒரு ஸ்டூடியோக்காரரை வரவழைத்து 12,000 ரூபாய்க்கு 20 படம் எடுக்கச் சொல்கிறார். அவரிடம் ஏற்கெனவே இருந்த 4 மழைக்காலப் படங்களையும் சேர்த்துக்கொள்கிறார். ஓவியம் படிக்கும் மாணவர் ஒருவர் 3,000 ரூபாய்க்கு வழி வரைபடம் வரைந்து தருகிறார். எதற்கும் எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. ரசீதும் ஜிபே கணக்கும்தான் இருக்கின்றன. ஒரு வருடம் கழித்து, பக்கத்து ரிசார்ட் தன் இணையதளத்தில் மூன்று அத்தியாயம், ஏழு படம், வரைபடம் ஆகியவற்றைப் போட்டுக் கீழே "நன்றி" என்று எழுதிவிடுகிறது.

கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். முதலில், எது யாருடையது? அடுத்து, எடுக்கப்பட்டது சட்டம் பாதுகாக்கும் பொருள்தானா? கடைசியாக, எடுத்ததற்கு விதிவிலக்கு இருக்கிறதா? முதல் கேள்வியைத் தாண்டிவிட்டு மூன்றாவதுக்குப் போவதுதான் வழக்கமாக நடக்கிறது. வழக்கு தோற்பதும் அங்கேதான்.

படி 1: ஒவ்வொரு துண்டும் யாருக்குச் சொந்தம் என்று தனித்தனியாகப் பாருங்கள்

கையேடு ஒன்றுதான், ஆனால் அதற்குள் பல படைப்புகள் இருக்கின்றன. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, படைத்தவரே முதல் உரிமையாளர் என்ற பொது விதியிலிருந்து தொடங்கிப் பிறகு சில விலக்குகளைச் சொல்கிறது. காசு கொடுத்தவர் உரிமையாளர் ஆவது அந்த விலக்குகளில் வந்தால் மட்டுமே.

எழுத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியை ஹோம்ஸ்டேயில் சம்பளத்துக்கு இல்லை. குறிப்பிட்ட ஒரு வேலையை முடித்துக் கொடுத்துப் பணம் வாங்கியவர். அதனால் எழுத்தின் உரிமை இன்றும் அவருடையது. ஹோம்ஸ்டேக்காரருக்குக் கிடைத்திருப்பது, பேசியபடி அந்தக் கையேட்டில் அச்சிட்டுக்கொள்ளும் அனுமதி மட்டுமே. இதையே ஹோம்ஸ்டேயில் மாதச் சம்பளம் வாங்கும் மேனேஜர், தன் வேலையின் பகுதியாக எழுதியிருந்தால் கதை வேறு. வேறு உடன்பாடு இல்லாதவரை, பணியின் போக்கில் செய்த படைப்புக்கு முதலாளியே முதல் உரிமையாளர் என்கிறது 17(c). அதே மேனேஜர் ராத்திரி வீட்டில் தன் விருப்பத்துக்குக் கவிதை எழுதினால் அது அவருடையதுதான், சம்பளம் எங்கே வாங்கினாலும்.

படங்களுக்குத் தனி விதி இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணத்துக்காக எடுக்கப்படும் புகைப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். இது 17(b). எனவே 20 படங்கள் ஹோம்ஸ்டேக்காரருடையவை. ஆனால் அந்த 4 மழைக்காலப் படங்கள் அப்படியல்ல. அவற்றை ஸ்டூடியோக்காரர் தன் விருப்பத்துக்கு எடுத்து வைத்திருந்தார், யாரும் கேட்டு எடுக்கவில்லை. அவற்றின் உரிமை அவரிடமே இருக்கிறது. இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில ஸ்டூடியோ பில்லின் பின்பக்கத்தில் "பதிப்புரிமை ஸ்டூடியோவுக்கே" என்று பொடி எழுத்தில் இருக்கும். அதை "வேறு உடன்பாடு" என்று ஸ்டூடியோக்காரர் வாதாட முடியும். பில்லைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வரைபடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 17(b) புகைப்படம், வண்ண ஓவியம், உருவப்படம், செதுக்கோவியம், திரைப்படம் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. வரைபடத்தைச் சட்டம் கலைப்படைப்பு என்று ஏற்றுக்கொண்டாலும், அது இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே 3,000 ரூபாய் வாங்கிக்கொண்ட பிறகும் வரைபடத்தின் உரிமை மாணவருக்கே என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு.

கணக்கைப் பாருங்கள். மொத்தம் 35,000 ரூபாய் செலவழித்தவருக்குச் சட்டப்படி சொந்தமானவை 20 படங்கள் மட்டும். ரிசார்ட் எடுத்த ஏழு படங்களில் இரண்டு அந்தப் பழைய நான்கில் சேர்ந்தவை என்றால், அவர் தன் பெயரில் கேட்க முடிந்தது ஐந்து படங்களுக்கு மட்டுமே.

படி 2: இல்லாத உரிமையை எழுத்தில் வாங்குங்கள்

பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது வாய்மொழியாகச் செல்லாது. கொடுப்பவரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அதில் படைப்பு எது, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு பணம் என்பவை இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. காலம் எழுதாமல் விட்டால் 5 வருடம் என்றும், இடம் எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். இன்னொரு கண்ணியும் உண்டு. வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அந்த உரிமை கைமாறியது காலாவதியாகிவிடும். ஆங்கில மொழிபெயர்ப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கிப் போட்டவருக்கு இது பெரிய அடி.

ஒரு பக்கத்தில் முடிகிற கடிதம் போதும். நம் உதாரணத்துக்கு இப்படி இருக்கலாம்:

"மலை ரயில் கையேட்டுக்காக நான் எழுதிய ஆறு அத்தியாயங்களின் பதிப்புரிமையை, அச்சிலும் இணையத்திலும் வெளியிடவும் பிற மொழிகளில் பெயர்க்கவும், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமை நிலைக்கும் காலம் வரைக்கும், ரூ. 20,000 பெற்றுக்கொண்டு தங்களுக்கு மாற்றிக் கொடுக்கிறேன். ஒரு வருடத்துக்குள் ஏதேனும் ஓர் உரிமை பயன்படுத்தப்படாவிட்டாலும் இது காலாவதியாகாது. இதற்கு முன் நடந்த மீறல்கள் மீது நடவடிக்கை எடுக்கும் உரிமையும் இதில் அடங்கும். ஒவ்வொரு பதிப்பிலும் என் பெயர் இடம்பெற வேண்டும்."

இந்தக் கடிதத்தைப் படிப்பவர் அந்த ஆசிரியையாக இருந்தால், என் யோசனை வேறு. மொத்தமாக எழுதிக் கொடுக்காதீர்கள். "தமிழ் அச்சுப் பதிப்புக்கு மட்டும், மூன்று வருடத்துக்கு" என்று கொடுத்தாலே கேட்பவரின் வேலை நடந்துவிடும். மொழிபெயர்ப்பும் இணையமும் உங்களிடமே இருக்கட்டும். இருபதாயிரம் ரூபாய்க்கு ஆயுளும் அதற்கு மேல் 60 வருடமும் நீடிக்கிற ஓர் உரிமையை முழுக்க விட்டுக் கொடுப்பது நியாயமான பேரம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. எதை விற்றாலும், தன் பெயரைக் கோருவதும், தன் எழுத்தைச் சிதைத்துப் பெயரைக் கெடுக்கும்போது தடுப்பதும் 57ஆம் பிரிவின்படி எழுதியவரிடமே தங்கும்.

படி 3: கருத்தையும் வெளிப்பாட்டையும் பிரித்துப் பாருங்கள்

இப்போது ரிசார்ட்டின் வாதத்துக்கு வருவோம். "மலை ரயில் ஊருக்கே பொது." உண்மைதான். குன்னூர் வரை 1899இல், ஊட்டிக்கு 1908இல் ரயில் வந்தது. பாதை 46 கிலோமீட்டர். கல்லாறுக்கு மேல் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற செங்குத்து. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. இவை எவருடைய சொத்தும் அல்ல. இவற்றைத் தேடி எடுக்க ஆசிரியை எத்தனை நாள் நூலகத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி, உழைப்புக்காக மட்டும் தகவல் யாருக்கும் சொந்தமாகிவிடாது. 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் உழைப்பு போதாது, சிறிதளவாவது படைப்பாற்றல் வேண்டும் என்று சொல்லிவிட்டது.

கருத்தும் அப்படியே. "ரயில் பயணத்தை ஜன்னலோரக் காட்சிகளாகச் சொல்லலாம்" என்பது ஒரு யோசனை. அதை ரிசார்ட் எடுத்துக்கொண்டு சொந்தமாக எழுதிக்கொள்ளலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி, குன்னூர் என்று நிலையங்களை வரிசையாகச் சொல்வதும் யாருடைய கற்பனையும் இல்லை. தண்டவாளம் போட்ட வரிசை அது.

1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த அளவுகோல்தான் இன்றைக்கும் அடிப்படை. ஒரு நாடகத்தின் கருவை எடுத்துப் படம் பண்ணிவிட்டார்கள் என்பது வழக்கு. கரு, பொருள், கதைப்பின்னல், வரலாற்றுச் செய்தி ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை என்றது நீதிமன்றம். அவற்றைச் சொன்ன விதம், அடுக்கிய விதம், வெளிப்படுத்திய விதம் ஆகியவற்றுக்கே பாதுகாப்பு. இரண்டையும் படித்தோ பார்த்தோ முடித்த ஒரு சாதாரண வாசகருக்கு, "இது அதன் நகல்தான்" என்ற சந்தேகமற்ற எண்ணம் வருகிறதா என்று கேட்க வேண்டும். கரு ஒன்றாக இருந்தும் வேறுபாடுகள் பெரிதாக இருந்ததால் அந்த வழக்கில் நாடக ஆசிரியர் தோற்றார்.

அளவுகோலைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஆசிரியை எழுதியது இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

"கல்லாறு தாண்டியதும் எஞ்சின் பல்லைக் கடித்துக்கொள்கிறது. அதுவரை ஓடிவந்த ரயில் இப்போது படியேறுகிறது. பாக்குத் தோப்பு கீழே நழுவ, பாறையில் ஒழுகும் தண்ணீர் நம் முழங்கையில் தெறிக்கிறது."

ரிசார்ட் இப்படி எழுதியிருந்தால்: "கல்லாறு நிலையத்துக்குப் பிறகு பல்சக்கரத் தண்டவாளம் தொடங்குகிறது. ரயிலின் வேகம் குறையும். பாக்குத் தோப்புகள் முடிந்து பாறைப் பகுதி வரும்." இதில் குற்றம் இல்லை. தகவல் அதேதான், ஆனால் சொல் தன்னுடையது.

இப்படி எழுதியிருந்தால்: "கல்லாறைக் கடந்தவுடன் எஞ்சின் பற்களை இறுக்கிக் கடிக்கிறது. ஓடிக்கொண்டிருந்த ரயில் படி ஏற ஆரம்பிக்கிறது. பாக்கு மரங்கள் கீழே வழுக்கிப் போக, பாறை நீர் நம் கையில் சிதறுகிறது." அநேகமாக ஒவ்வொரு சொல்லும் மாறியிருக்கிறது. ஆனாலும் இது நகல்தான். பல்லைக் கடிக்கும் எஞ்சின், படியேறும் ரயில், கையில் தெறிக்கும் நீர் என்ற உருவங்களும் அவை வரும் ஒழுங்கும் ஆசிரியையின் படைப்பு. சொல்லை மட்டும் மாற்றினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் சிக்குவது இங்கேதான். ஒரு வாக்கியத்தில் மட்டும் இப்படி இருந்தால் பெரிதாகப் பேச முடியாது. மூன்று அத்தியாயம் முழுக்க இதே மாதிரி வந்தால் கணிசமான பகுதி எடுக்கப்பட்டிருக்கிறது என்று காட்டலாம்.

நகல் எடுத்ததை நிரூபிக்க ஒரு நல்ல வழி, பிழைகளைத் தேடுவது. கையேட்டில் ஒரு பாலத்தின் எண் அச்சுப்பிழையாகத் தவறி விழுந்து, அதே தவறான எண் ரிசார்ட்டின் பக்கத்திலும் இருந்தால், அவர்கள் தாங்களாகத் தகவல் திரட்டினோம் என்று சொல்ல முடியாது. அந்த எண்ணை எடுத்தது மட்டுமே மீறல் ஆகாது, ஆனால் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

படங்களிலும் இதே கோடுதான். ஒரு பாலத்தின் மேல் ரயில் வருவதை அதே வளைவில் நின்று ரிசார்ட்காரர் தன் கேமராவில் எடுத்தால், காட்சி ஒன்றாக இருந்தாலும் அது அவருடைய படம். உங்கள் படக்கோப்பை எடுத்து ஓரம் வெட்டி நிறம் மாற்றிப் போட்டால் அது உங்கள் படம்.

படி 4: விதிவிலக்கு பொருந்துகிறதா என்று பாருங்கள்

"கொஞ்சம்தான் எடுத்தோம்", "நன்றி போட்டோம்", "பத்து சதவீதம் வரை எடுக்கலாமாமே" ஆகிய மூன்றையும் எல்லோரும் சொல்வார்கள். நம் சட்டத்தில் எந்தச் சதவீதமும் இல்லை. நன்றி சொல்வது மரியாதை, அனுமதி ஆகாது.

52ஆம் பிரிவு சொல்லும் ஃபேர் டீலிங், அதாவது நியாயமான பயன்பாடு, மூன்று நோக்கங்களுக்குள் அடங்கும்: ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாடு, அந்தப் படைப்பையோ வேறொன்றையோ விமர்சிப்பது அல்லது மதிப்புரை எழுதுவது, நடப்பு நிகழ்வுகளைச் செய்தியாகத் தருவது. நோக்கம் இந்த மூன்றில் ஒன்றில் விழாவிட்டால் "கொஞ்சம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. விழுந்தால் மட்டும், நியாயமானதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். 1996இல், ஒரு நாடகத்தை விமர்சித்து எழுதப்பட்ட எதிர்நாடகம் பற்றிய வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் பார்த்தவை மூன்று: எடுத்த அளவும் அதன் மதிப்பும், எடுத்த நோக்கம், மூலத்தோடு சந்தையில் போட்டி போடுமா என்பது.

ஒரு பத்திரிகை கையேட்டுக்கு மதிப்புரை எழுதுகிறது. கல்லாறு பத்தியை முழுசாக எடுத்துப் போட்டு, "உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் பல்சக்கரம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கவில்லை" என்கிறது. இது நியாயமானது. எதிர்மறையாகத் திட்டி எழுதினாலும் நியாயமானதே. அதனால் விற்பனை குறைந்தாலும் அது பதிப்புரிமைப் பிரச்சினை இல்லை. அதே பத்திரிகை மதிப்புரை என்ற பெயரில் இரண்டு வரி சொல்லிவிட்டு ஓர் அத்தியாயத்தை முழுசாக வெளியிட்டால், பெயர் மட்டும்தான் மதிப்புரை.

மழையில் மண் சரிந்து மலை ரயில் நிற்கிறது. செய்தி போடும்போது கையேட்டிலிருந்து ஒரு பாலத்துப் படத்தை எடுக்கிறார்கள். நடப்புச் செய்தி என்ற நோக்கம் இருக்கிறது. ஆனால் அந்தப் படம் சரிவைக் காட்டவில்லை, பக்கத்தை நிரப்ப அழகுக்காக வந்தது. செய்தியைப் புரிந்துகொள்ள அந்தப் படம் தேவைப்பட்டதா என்பதைப் பொறுத்து விவாதம் போகும். சேதமான அதே பாலத்தின் முந்தைய நிலையைக் காட்டியிருந்தால் பத்திரிகையின் பக்கம் வலு கூடும்.

பள்ளி ஆசிரியர் ஒருவர் மலை ரயில் பாடத்துக்காக நான்கு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து வகுப்பில் கொடுக்கிறார். இது அந்த மூன்று நோக்கங்களுக்குள் வரவே வேண்டியதில்லை. கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ நகல் எடுப்பதற்கு 52(1)(i) தனியாக வழி விட்டிருக்கிறது. 2016இல் டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதை விரிவாகவே பொருள்கொண்டது. இங்கே பக்கக் கணக்கை விடக் கற்பித்தலுக்குத் தேவைப்பட்டதா என்பதே முக்கியம். அதே நான்கு பக்கத்தைத் தொகுத்து டியூஷன் சென்டர் புத்தகமாக விற்றால் இந்த வழி மூடிக்கொள்ளும்.

இனி ரிசார்ட். விமர்சனம் இல்லை, செய்தி இல்லை, பாடம் இல்லை. அறை பதிவு செய்ய வரும் வாடிக்கையாளரைக் கவர எடுத்திருக்கிறார்கள். எந்த நோக்கத்துக்குள்ளும் வராது. மேலும், கையேட்டை வாங்க வேண்டியவர் இனி இணையதளத்திலேயே படித்துவிடுவார்.

படி 5: கேட்கும் முறை

முதல் வேலை, சாட்சியைப் பத்திரப்படுத்துவது. பக்கத்தின் முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், ஸ்டூடியோ கொடுத்த மூலக் கோப்புகள், அச்சகத்தின் பில், ஆசிரியை அனுப்பிய முதல் வரைவின் மின்னஞ்சல். பதிவு கட்டாயமில்லை, பதிவு செய்திருந்தால் அந்தச் சான்றிதழ் நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படும்.

அடுத்து இரண்டு நெடுவரிசை கொண்ட ஓர் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் கையேட்டின் பத்தி, வலப்பக்கம் ரிசார்ட்டின் பத்தி. தகவலும் நிலைய வரிசையும் மட்டும் ஒத்துப்போகும் வரிகளை நீங்களே அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் வழக்கு. இதைச் செய்யாமல் "எங்கள் யோசனையைத் திருடிவிட்டீர்கள்" என்று மிரட்டல் நோட்டீஸ் அனுப்பினால், ஆதாரமில்லாத மிரட்டல் என்று 60ஆம் பிரிவின் கீழ் ரிசார்ட் உங்கள் மேல் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு கேட்க முடியும்.

நோட்டீஸில் உரிமையாளர்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டும், அல்லது படி 2இல் சொன்ன கடிதங்கள் கையில் இருக்க வேண்டும். ஐந்து படத்துக்கு ஹோம்ஸ்டேக்காரர், இரண்டு படத்துக்கு ஸ்டூடியோக்காரர், அத்தியாயங்களுக்கு ஆசிரியை, வரைபடத்துக்கு மாணவர். எதை நீக்க வேண்டும், எத்தனை நாளுக்குள், இதுவரை பயன்படுத்தியதற்கு எவ்வளவு என்று தெளிவாக எழுதுங்கள். தொகையை ஊகத்தில் போடாமல், இதே மாதிரி ஒரு படத்துக்கும் ஓர் அத்தியாயத்துக்கும் நீங்கள் உண்மையில் கொடுத்த விலையிலிருந்து கணக்கிடுங்கள். அந்தக் கணக்கில் ஒரு படம் 600 ரூபாய்தான் வருகிறது என்றால், அதைப் பத்து மடங்காக்கிக் கேட்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டியிருக்கும்.

ரிசார்ட் அசையாவிட்டால், அந்த இணையதளத்தைத் தாங்கி நிற்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். 2013ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளின்படி, தகுந்த விவரத்தோடு புகார் வந்தால் அந்த நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த நடவடிக்கை எடுக்க வேண்டும். அப்படி நிறுத்தியது 21 நாளுக்குத்தான் நிற்கும். அதற்குள் நீதிமன்ற உத்தரவை வாங்கி அந்த நிறுவனத்திடம் கொடுக்காவிட்டால், அவர்கள் பக்கத்தை மறுபடி திறந்துவிடலாம். ஆகவே புகார் கொடுக்கும் நாளிலேயே மனுவும் தயாராக இருக்க வேண்டும். வழக்கை ரிசார்ட்டின் நிறுவனம் பதிவான ஊரைத் தேடிப் போய்த்தான் போட வேண்டும் என்பதில்லை. 62ஆம் பிரிவின்படி, உரிமையாளர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே, அதாவது இந்த உதாரணத்தில் ஊட்டியிலேயே, போடலாம்.